தண்ணீர் வந்த வரிசையில்

சென்ற கார்த்திகையில் எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. கலுங்கில் தண்ணீர் விழும் சத்தத்தை என் மகன் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை. விடிவதற்கு முன்பே அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கரை மேல் போய் நின்றேன். ஊரில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள்.

அன்று மாலையே, "தம்பி, நாம் செய்த வேலையைப் பற்றி நான்கு வார்த்தை எழுதிப் போடு, வெளியூரில் இருக்கும் நம் ஆட்களும் பார்க்கட்டும்" என்று ஊர்த் தலைவர் சொன்னார். நான்கு வார்த்தைதானே என்று உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாள் அவதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கள்ளிக்குடிப் பக்கம் எங்கள் ஊர். மேலூர்ப் பக்கம் போல எங்களுக்குப் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் கிடையாது. வானம் பார்த்த கண்மாய். ஐப்பசி, கார்த்திகை மழை மேட்டு நிலத்தில் பெய்து, வரத்துக்கால் வழியாக வந்து சேர்ந்தால்தான் உண்டு. சில ஆண்டுகளாக மழை நன்றாகப் பெய்தும் கண்மாய் பாதிக்கு மேல் ஏறவில்லை. சீமைக் கருவேலத்தைக் குறை சொன்னோம், மண்மேட்டைக் குறை சொன்னோம், மடை ஒழுகுகிறது என்றோம். நான் மதுரையில் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறவன். அலுவலகத்தில் சொல்லிவிட்டு ஒரு சனிக்கிழமை, தரைமட்டம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவியை ஊருக்கு எடுத்து வந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வரத்துக்கால் கண்மாயில் சேரும் வாயிலேயே அளந்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு குற்றமும் இல்லை.

மூன்றாவது ஞாயிறு, ஆட்டுக்கிடை போடும் பெரியவர் என் முக்காலிக் கருவியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "இங்கே எதற்குப் பார்க்கிறாய் தம்பி? தண்ணீர் இதுவரைக்கும் வந்தால் அல்லவா நிற்கும். ரோட்டுப் பாலத்துக்கு மேற்கே போய்ப் பார். மழை விட்டுப் பத்து நாள் ஆனாலும் என் ஆடுகள் அங்கேதான் தண்ணீர் குடிக்கின்றன" என்றார். போனேன். அவர் சொன்ன இடத்தில் மேல்கரைக்கு அப்பால் இருந்த தரிசில் மட்டும் புல் பச்சையாக இருந்தது. சுற்றிலும் காய்ந்த கரிசல்.

வரத்துக்கால் அந்த இடத்தில் தார்ச்சாலையைக் கடக்கிறது. சாலையை உயர்த்திப் போட்டபோது அடியில் புதிதாக ஹியூம் குழாய்கள் பதிக்கப்பட்டிருந்தன. கருவியை நடுவில் நிறுத்தி, அளவுகோலை நான்கு இடங்களில் பிடிக்கச் சொல்லி எண்களைக் குறித்தேன். பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கருவியின் பார்வைக்கோடு ஒரே மட்டத்தில் நிற்கும், ஆகவே கோலில் தெரியும் எண் கூடினால் தரை தாழ்ந்திருக்கிறது என்று பொருள். சாலைக்கு மேல்புறம் கால்வாயின் தரையில் 1.86 மீட்டர். சாலையைத் தாண்டிக் கீழ்ப்புறம் தரையில் 1.93. இரண்டுக்கும் இடையே 7 செ.மீ. சரிவு, ஓடுவதற்குப் போதும். ஆனால் குழாயின் உள் அடியில் 1.42. அதாவது குழாய், கால்வாய்த் தரையைவிட 44 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருந்தது. முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால்தான் குழாயின் வாயையே தொடும்.

அதுகூடப் பரவாயில்லை. நான்காவது எண் மேல்கரையின் உச்சியில் எடுத்தது: 1.50. கரையே குழாயின் அடியைவிட 8 செ.மீ. தாழ்வு! தண்ணீர் குழாயைத் தொடுவதற்கு முன்பே கரை தாண்டித் தரிசில் இறங்கி, அந்தப் பக்கத்து ஓடையில் சேர்ந்து எங்கோ போய்விடும். பெருவெள்ளம் வரும்போது மட்டும் கொஞ்சம் குழாய்க்குள் நுழையும். எங்கள் கண்மாய்க்கு அத்தனை ஆண்டுகளும் கிடைத்தது அந்தக் கொஞ்சம்தான்.

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்லலாம். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. எங்களுடையது அந்த வகை. மனு, அலைச்சல், மறுபடி மனு. கிராம உதவியாளர் புலப்பட வரைபடத்தைத் தேடி எடுத்துக் கால்வாயின் உண்மையான அகலத்தைக் காட்டினார். ஒன்றியப் பொறியாளர் வந்து, என் எண்களை நம்பாமல் தாமே மறுபடி அளந்து, ஒத்துக்கொண்டார். நூறு நாள் வேலைப் பெண்கள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கால்வாயைத் தூர்வாரினார்கள். குழாய்களைத் தோண்டி எடுத்து 1.89 மட்டத்தில் இறக்கிப் பதித்தோம். மேல்கரையை உயர்த்தினோம். மழை வந்தது.

இனி பதிவு.

முதல் வரைவை ஒரே மூச்சில் எழுதினேன். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் படித்தால், "நான் அளந்தேன், நான் கண்டேன், நான் மனு எழுதினேன்" என்று எல்லா வாக்கியமும் என்னிடமே வந்து முடிந்தது. பெரியவர் அதில் "உள்ளூர்க்காரர் ஒருவர்" ஆகியிருந்தார். நூறு நாள் வேலைப் பெண்கள் "பொதுமக்கள் ஒத்துழைப்புடன்" என்ற இரண்டு சொல்லுக்குள் காணாமல் போயிருந்தார்கள்.

வெட்கப்பட்டு இரண்டாவது வரைவில் என்னை முழுவதுமாக அழித்தேன். அதை மதுரையில் தமிழாசிரியையாக இருக்கும் என் அக்காவுக்கு அனுப்பினேன். தொலைபேசியில் அழைத்தாள். "ஏன் தம்பி, இதில் 'மேற்கொள்ளப்பட்டது' ஐந்து இடத்தில் வருகிறது. 'கண்டறியப்பட்டது' இரண்டு இடத்தில். யார் கண்டறிந்தது? பூதமா? எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டறிக்கை கூட இதைவிட உயிரோடு இருக்கும்."

அவள் சொன்னது சரி. '-ப்பட்டது' என்று எழுதினால் நான் மட்டும் மறைவதில்லை, வேலை செய்த எல்லோருமே மறைந்துவிடுகிறார்கள். அடக்கம் என்று நான் நினைத்தது, அறுபது பேரின் உழைப்பை யாருடையதும் இல்லாமல் ஆக்கியிருந்தது. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு வைத்துக்கொண்டேன். குழாய் உயரமாகப் பதிக்கப்பட்டிருந்தது என்ற வாக்கியத்தில் மட்டும் அந்த 'பட்டது' அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். பதித்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நன்றி சொல்லும் பதிவில் அவரை இழுத்துவந்து நிறுத்தினால், படிப்பவர்கள் நன்றியை மறந்துவிட்டு அவரைப் பிடித்துக்கொள்வார்கள்.

அக்கா இன்னொன்றும் கேட்டாள். "'நாம்' என்கிறாய், 'நாங்கள்' என்கிறாய், மாறி மாறி வருகிறது. யாரைச் சொல்கிறாய்?" நான் கவனிக்கவே இல்லை. 'நாங்கள் கண்மாயை மீட்டோம்' என்றால் படிக்கிறவர் வெளியே நிற்கிறார். தூர்வாரிய பெண்ணே அதைப் படித்தால் தன்னை யாரோ வாசலில் நிறுத்தியதுபோல் இருக்கும். 'நாம் மீட்டோம்' என்றாலோ, அத்தனை ஞாயிறும் திருமங்கலத்தில் சினிமா பார்த்தவரும் உள்ளே வந்துவிடுகிறார். கண்மாயும் தண்ணீரும் வரும் இடத்தில் 'நாம்', ஏனென்றால் அது எல்லோருக்கும் உரியது. வேலை வரும் இடத்தில் செய்தவரையே எழுவாயாக நிறுத்துவது என்று முடிவு செய்தேன்.

அடுத்த சிக்கல் பெயர்கள். பெயர் போட்டுப் பாராட்டுவதுதான் முறை என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நானும் பட்டியல் எழுதிப் பார்த்தேன். மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: சுவரொட்டியில் யார் படம் பெரிது, யார் பெயர் மேலே என்பதற்கே உறவு முறிந்த வீடுகள் இங்கே உண்டு. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற கேள்வியில் திருவிழாவே நின்றுபோன ஊர்களை எனக்குத் தெரியும். போதாததற்கு, பெயரையும் தகப்பனார் பெயரையும் பார்த்தே எந்தத் தெரு என்று கண்டுபிடிக்கும் திறமை எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூட உண்டு. அறுபது பெயரைப் போட்டால் மேலத்தெருவில் எத்தனை, கீழத்தெருவில் எத்தனை என்று எண்ணுவார்கள். ஒன்றியப் பொறியாளரோ, "என் பெயர் வேண்டாம், மேலிடத்தில் வேறு மாதிரி புரிந்துகொள்வார்கள்" என்று முன்பே சொல்லிவிட்டார். எனவே ஒருவர் பெயரும் வேண்டாம், அவரவர் பங்கைச் சொன்னால் போதும் என்று தீர்மானித்தேன்.

ஆனால் பங்கைச் சொல்வதிலும் ஒரு குழி இருக்கிறது. பெரியவரை என்னவென்று எழுதுவது? 'ஆடு மேய்ப்பவர்' என்றால் அது அவருடைய தொழில். கண்மாய் வேலையில் அவர் ஆடு மேய்க்கவில்லையே. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சொன்னவர் அவர். 'பொறியாளர்' என்று மட்டும் எழுதினால் அது நாற்காலியின் பெயர். என் எண்ணை நம்பாமல் மறுபடி அளந்ததுதான் அவர் செய்தது, அதனால்தான் கோப்பு நகர்ந்தது. ஆகவே தொழிலையோ பதவியையோ அடையாளத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கூடவே ஒவ்வொருவரும் செய்த ஒரு செயலைச் சேர்த்து எழுதினேன். அந்தச் செயலை நீக்கினால் என்ன கெட்டிருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். பதில் இல்லாத இடங்களில் என் வாக்கியம் வெறும் உபசாரம். அப்படி இரண்டு வாக்கியங்களை எடுத்தேன். ஒன்று ஊர்த் தலைவரைப் பற்றியது. அதை மட்டும், அவர் உண்மையில் செய்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மாற்றி எழுதி மீண்டும் சேர்த்தேன்: ஒன்றிய அலுவலகத்துக்குப் பதினான்கு முறை போனவர் அவர்தானாம். எனக்கே தெரியாது.

வரிசை? அதில்தான் ஒரு நாள் முழுவதும் போயிற்று. பதவிப்படி போட்டால் பெண்கள் கடைசியில். வயதுப்படி போட்டால் சிரிப்பார்கள். எழுந்து நடந்துவிட்டு வரலாம் என்று வரத்துக்கால் ஓரமாகவே போனபோது தோன்றியது: தண்ணீர் வரும் வரிசையிலேயே எழுதிவிடலாம். மேட்டு நிலத்தில் தொடங்கி, சாலைப் பாலம், கால்வாய், கண்மாய் வாய், மடை, கலுங்கு. தண்ணீருக்கு முதல் மரியாதை தெரியாது. யாரும் சண்டைக்கு வர முடியாது.

இதில் எனக்கு ஒரு வசதியும் கிடைத்தது. என் இடம் சாலைப் பாலத்தில் வருகிறது. முதலிலும் இல்லை, கடைசியிலும் இல்லை. அங்கே நிறுத்தி என் பங்கைச் சொன்னால் அது முண்டியடித்ததாகவும் தெரியாது, ஒளிந்துகொண்டதாகவும் தெரியாது.

என் பங்கைச் சொல்லத்தான் வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். 'அணில் போல என்னால் முடிந்தது' என்று போட்டுவிடேன் என்றார். அந்த அணில் இல்லாத நன்றியுரையை நான் தமிழ்நாட்டில் கேட்டதே இல்லை. அதைச் சொல்கிறவர் யாரும் தம்மை அணிலாக நினைத்துக்கொண்டதும் இல்லை. தவிர, சொல்ல வேண்டிய காரணம் ஒன்று இருந்தது. பக்கத்து ஊர்க் கண்மாய்க்கும் இதே சாலையில் ஒரு பாலம் இருக்கிறது. அவர்களுக்கு யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டும். எங்கள் பாலத்தின் சுவரில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நாளை மறுபடி மண் மேடிட்டால், அதை ஆதாரமாக வைத்து எவ்வளவு மேடிட்டிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் அளக்கலாம். அந்தக் கோடு என்ன என்று எழுதாமல் விட்டால் அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடித்துவிடுவார்கள்.

எனவே என் பங்கு இரண்டு வாக்கியம். எவரும் சரிபார்க்கக்கூடியதாக எண் இருக்க வேண்டும். தப்பாகப் போன இரண்டு ஞாயிறும் இருக்க வேண்டும். அதை வைத்தது பெருந்தன்மையால் இல்லை. அதை மறைத்தால், கோல் பிடித்த கல்லூரிப் பையன்கள் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக மழை. ஒன்பது ஆண்டுக்குப் பிறகு மறுகால் பாய்ந்ததற்கு நாங்கள் மட்டும் காரணம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த ஆண்டு மழையும் நன்றாக இருந்தது. ஆனால் மழையன்று சாலைப் பாலத்தில் நின்று பார்த்தேன். குழாயில் மூன்றில் ஒரு பங்குக்குத் தண்ணீர் சீராக ஓடியது, மேல்புறம் தேக்கம் இல்லை, தரிசு நிலம் காய்ந்தே கிடந்தது. இதற்கு முன் இதைவிடக் குறைந்த மழைக்கும் அந்தத் தரிசு குளமாக நிற்கும். ஆகவே சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கண்மாயை நிறைத்தது மழை, அந்தத் தண்ணீர் வழிமாறிப் போகாமல் பார்த்துக்கொண்டது ஊர்.

இப்படி வந்து சேர்ந்த பதிவு இது:

"நம் கண்மாய் மறுகால் பாய்ந்துவிட்டது. மழை கொடுத்ததை இந்த முறை வழியில் இழக்கவில்லை. தண்ணீர் வந்த வரிசையிலேயே நன்றி சொல்கிறேன்.

மேட்டில், தண்ணீர் எங்கே நின்றுபோகிறது என்று முதலில் சொன்னவர் நம் கிடை போடும் பெரியவர். கருவிகள் பிறகு வந்தன. சாலைப் பாலத்தில் குழாய் 44 செ.மீ. உயரமாகப் பதிக்கப்பட்டிருந்தது. அதை அளந்தவன் நான். அதற்கு முன் இரண்டு ஞாயிறு தவறான இடத்தில் அளந்தேன். பாலத்துச் சுவரில் உள்ள சிவப்புக் கோடு அந்த அளவுக்கான அடையாளம், தயவுசெய்து அழிக்க வேண்டாம். வெயிலில் கோல் பிடித்தவர்கள் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள். ஒன்றியப் பொறியாளர் தாமே மறுபடி அளந்து உறுதி செய்ததால்தான் குழாயை இறக்க அனுமதி கிடைத்தது. அந்த அனுமதிக்காக நம் தலைவர் பதினான்கு முறை போய் வந்தார். கிராம உதவியாளர் எடுத்துத் தந்த வரைபடத்தால் கால்வாய் தன் அகலத்துக்குத் திரும்பியது. ஜே.சி.பி. ஓட்டுநர் பழைய கல்கட்டைப் பார்த்தவுடன் இயந்திரத்தை நிறுத்தினார், அது இன்றும் நிற்கிறது. கால்வாய் முழுவதையும் மண்வெட்டியால் வாரியவர்கள் நூறு நாள் வேலைப் பெண்கள். மடையை அடைத்துக் காவல் இருந்தவரும் கலுங்கில் இரவு விழித்தவர்களும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பக்கத்து ஊர்களில் யாருக்காவது அளக்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்."

போட்டேன். நிறையப் பேர் வாழ்த்தினார்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் பாலத்துக்குப் பணம் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

மூன்றாம் நாள் கடைத்தெருவில் ஒருவர் என்னை நிறுத்தினார். "எல்லாம் எழுதினாய். ஜே.சி.பி. எந்த வழியாகக் கால்வாய்க்குள் இறங்கியது?" என்றார். அவருடைய அண்ணியின் சோளக்கொல்லை வழியாக. கதிர் வாங்கும் நேரத்தில் நான்கு வரிசைப் பயிரைத் தாமே அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு வழி விட்டிருக்கிறார் அந்த அம்மா. நஷ்டஈடு கேட்கவில்லை. எங்கள் கூட்டம் எதற்கும் வந்ததில்லை, ஆகவே என் பட்டியல் எதிலும் இல்லை. தண்ணீரின் வழியை மட்டும் பின்தொடர்ந்த நான் இயந்திரம் வந்த வழியை மறந்துவிட்டேன். அன்றே பதிவைத் திருத்தினேன். திருத்தியது தெரியட்டும் என்று "விட்டுப்போய் இன்று சேர்த்தது" என்றே குறிப்பிட்டு, கொல்லையில் வழி விட்டவரைச் சேர்த்தேன். அவர் வீட்டுக்கும் போனேன். "அதனால் என்ன, சாமி" என்று சொல்லி ஒரு சொம்பு மோர் கொடுத்தார்.

பெரியவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அவருடைய பேத்தி கைப்பேசியில் படித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு கிடைக்கு அருகில் பார்த்தபோது, "கேட்டேன் தம்பி, நன்றாக இருந்தது" என்றார். பிறகு தொரட்டியை மேற்கே நீட்டினார். "அந்தப் பனைமரத்துக்குக் கீழே இன்னொரு இடம் இருக்கிறது. அங்கேயும் புல் காயவில்லை. கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா?"

கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் மறுபடி கேட்க வேண்டும்.